16 ஜிபி போட்டும் 5.93 ஜிபிதான்: ஒரு ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் ரேம் கணக்கு

திண்டுக்கல்லில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 5600G பிராசசர், நான்கு ரேம் ஸ்லாட் உள்ள B450 மதர்போர்டு, விண்டோஸ் 10 64 பிட். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான். வாங்கும்போது 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் DIMM_A2 ஸ்லாட்டில். போட்டோஷாப்பில் நாற்பது பக்க ஆல்பத்தைத் திறந்தால் மெஷின் திணறுகிறது என்று ஸ்டூடியோக்காரர் அதே கம்பெனி, அதே வேகம் கொண்ட இன்னொரு 8 ஜிபி வாங்கி, வாங்கிய இடத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு மாற்றமும் இல்லை. Settings திறந்து About பக்கத்தில் பார்த்தால் முன்பு இருந்த அதே வரிதான்:

```
Installed RAM   8.00 GB (5.93 GB usable)
```

திரும்பிப் போய்க் கேட்டதற்கு "விண்டோஸ் பழசு, ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதையும் செய்துவிட்டு, எல்லா ஃபான்ட்டையும் மறுபடி ஏற்றிவிட்டு, அப்போதும் அதே 8.00 என்று வந்த பிறகுதான் மெஷின் என்னிடம் வந்தது. இந்த நிலையில் ஃபார்மட் எந்த வகையிலும் உதவாது. இந்த எண்ணை விண்டோஸ் தானாக எண்ணிச் சொல்வதில்லை, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே பயாஸ் எழுதி வைத்ததைத்தான் எடுத்துக் காட்டுகிறது. பயாஸுக்குள் போனால் அங்கேயும் A2-வில் மட்டும்தான் ரேம், புது ரேம் போட்டிருந்த B2 காலி என்று காட்டியது. பயாஸிலேயே தெரியாத ரேமை விண்டோஸை எத்தனை முறை புதிதாகப் போட்டாலும் வரவழைக்க முடியாது. அதனால் இந்த மாதிரிப் புகார் வந்தால் முதலில் பயாஸைப் பாருங்கள், ஒரு நிமிட வேலை, அரை நாள் மிச்சம்.

உட்காராத ரேம்

கேபினெட்டைத் திறந்து பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் விஷயம் கண்ணுக்கே தெரிந்தது. B2-வில் இருந்த புது ரேமின் ஒரு முனை பக்கத்து ரேமைவிடச் சற்று உயர்ந்து நின்றது, அந்த முனையில் தங்க நிறக் கோடு மெல்லியதாகத் தெரிந்தது. சரியாக உட்கார்ந்த ரேமில் தங்க நிறம் கொஞ்சமும் தெரியக்கூடாது, மேல் விளிம்பு போர்டுக்கு இணையாக இருக்க வேண்டும்.

இந்த போர்டில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டும்தான் திறந்து மூடும் க்ளிப் உண்டு, மறுமுனை அசையாத பிளாஸ்டிக். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. க்ளிப் இருக்கும் பக்கம் அழுத்தியவுடன் "டக்" என்று சத்தம் வந்துவிடும், வேலை முடிந்தது என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஆனால் மறுமுனை அரைகுறையாக நின்றிருக்கும். சரியான வழி என்னவென்றால், மின்சார வயரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட வேண்டும், அப்புறம் ரேமின் அடியில் இருக்கும் வெட்டு ஸ்லாட்டின் தடுப்போடு பொருந்துகிறதா என்று பார்த்து, முதலில் அசையாத முனையை முழுதாக இறக்கி, பிறகு க்ளிப் பக்கம் நேராக அழுத்த வேண்டும். சாய்த்து அழுத்தக்கூடாது. சாய்த்து அழுத்தினால் என்ன ஆகும் என்பது இந்தக் கதையில் பின்னால் வருகிறது.

சரியாக உட்காராத ரேமை போர்டு ஏன் "காலி" என்று சொல்கிறது? ஒவ்வொரு ரேமிலும் எஸ்பிடி என்று ஒரு சின்னஞ்சிறு சிப் இருக்கிறது, தான் எத்தனை ஜிபி, என்ன வேகம், யார் தயாரித்தது என்ற விவரம் அதில் எழுதியிருக்கும். போர்டு எழும்பும்போது முதலில் அதைத்தான் படிக்கும். டிடிஆர்4 ரேமில் மொத்தம் 288 தொடுமுனைகள் உண்டு, அதில் எஸ்பிடி சிப்புக்குப் போகும் சில முனைகள் ரேமின் ஒரு கோடியில்தான் இருக்கின்றன. அந்தக் கோடி மேலே தூக்கி நின்றால் விவரம் படிக்க முடியாது, ஸ்லாட்டில் ஒன்றுமே இல்லை என்று போர்டு முடிவுகட்டிவிடும்.

ரேமை வெளியே எடுத்து, தொடுமுனைகளை ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தேன். பல கடைகளில் பென்சில் ரப்பரால் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவசரத்துக்கு அது வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, ரப்பர் அதைத் தேய்த்துவிடும், ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது இன்னொரு தொல்லை. நான் ரப்பர் பக்கம் போவதில்லை. துடைத்து, காயவிட்டு, நேராக வைத்து அழுத்தி, மெஷினை ஓடவிட்டதும் இப்படி வந்தது:

```
Installed RAM   16.0 GB (5.93 GB usable)
```

8 என்பது 16 ஆகிவிட்டது. ஆனால் அடைப்புக்குறிக்குள் இருப்பது இம்மியும் நகரவில்லை.

இரண்டு எண், இரண்டு வழி

ஒரே வரியில் இருந்தாலும் இந்த இரண்டு எண்களும் வேறு வேறு இடத்திலிருந்து வருகின்றன. முதல் எண், அதாவது "Installed", பயாஸ் எழுதிவைக்கும் வன்பொருள் பட்டியலிலிருந்து வருகிறது, அந்தப் பட்டியல் எஸ்பிடி சிப்பைப் படித்து உருவானது. இரண்டாவது எண், "usable", இயங்குதளம் எடுத்துப் புழங்கிக்கொள்ள பயாஸ் உண்மையிலேயே ஒப்படைத்த இடம். எஸ்பிடி படிக்க வேகம் குறைந்த இரண்டு கம்பித் தொடர்பு போதும். ஆனால் தரவு போய்வர 64 கோடுகளும், அவற்றோடு முகவரி, கட்டளைக் கோடுகளும் நொடிக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை பிசகாமல் வேலை செய்ய வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருப்பதற்கும் கடையில் அரிசி கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே தரவு போய்வரும் பாதைதான் சேனல், இந்த போர்டில் A, B என்று இரண்டு உண்டு. மெஷின் எழும்பும்போது பயாஸ் ஒவ்வொரு சேனலிலும் எழுதிப் படித்து, நேர இடைவெளிகளைச் சரிசெய்து பார்க்கும், இதை மெமரி டிரெய்னிங் என்பார்கள். ஒரு சேனலில் இது தோற்றுப்போனால், வேலை செய்யும் மற்ற சேனலை மட்டும் வைத்துக்கொண்டு பயாஸ் எழும்பிவிடும். தோற்றுப்போன பக்கத்து ரேம் பட்டியலில் இருக்கும், புழக்கத்தில் இருக்காது. விண்டோஸ் அந்த இடத்தை "Hardware reserved" என்ற தலைப்பில் போட்டுவிடும். பலரும் இந்தச் சொல்லைப் பார்த்து, ஏதோ வன்பொருள் தனக்கென்று எடுத்துக்கொண்டது போல, செட்டிங்ஸ் மாற்றினால் திரும்பக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். சில சமயம் அப்படித்தான், சில சமயம் இல்லை. இந்த மெஷினில் இரண்டும் கலந்து இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

Task Manager-இல் Performance, அதில் Memory பார்த்தால் கீழே வலது பக்கம் இருந்தது:

```
Slots used:          2 of 4
Hardware reserved:   10.1 GB
```

எந்த ஸ்லாட்டில் எது தெரிகிறது என்று பார்க்க பவர்ஷெல்லில் ஒரு வரி போதும்:

```
Get-CimInstance Win32_PhysicalMemory |
  Select-Object BankLabel, DeviceLocator, Capacity
```

P0 CHANNEL A-வில் ஒன்று, P0 CHANNEL B-யில் ஒன்று, இரண்டுக்கும் Capacity 8589934592 என்று வந்தது. அப்படியானால் இரண்டு ரேமின் எஸ்பிடியும் படிக்கப்படுகிறது. இந்தக் கட்டளை சரியான பதில் கொடுத்தால் ரேம் நன்றாக வேலை செய்கிறது என்று முடிவுகட்டாதீர்கள், இதுவும் அந்த முதல் எண்ணின் கணக்கைத்தான் சொல்கிறது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் `sudo dmidecode -t memory` காட்டுவதையும் `free -h` காட்டுவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதே இடைவெளி தெரியும்.

வன்பொருளைத் தொடும் முன் msconfig-ஐயும் ஒரு தடவை பார்த்துவிட்டேன். அதில் Boot, Advanced options போனால் Maximum memory என்று ஒரு பெட்டி இருக்கும். இணையத்தில் பல இடங்களில் "அதை டிக் செய்து 16384 என்று போடுங்கள், முழு ரேமும் வந்துவிடும்" என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. அந்தப் பெட்டி ரேமைக் கூட்டுவதற்கானது இல்லை, சோதனைக்காகக் குறைத்துக் காட்டுவதற்கானது. டிக் இருந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லை என்றால் தொடவே வேண்டாம். இதில் டிக் இல்லை. 32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்குள்தான் நிற்கும் என்பது இன்னொரு பழைய காரணம், இது 64 பிட் என்பதால் அதுவும் இங்கே பொருந்தாது.

10.1 ஜிபி எங்கே போனது

ஒரு ரேம் முழுதாக விலகியிருந்தால் 8 ஜிபிதான் போக வேண்டும். இங்கே போனது பத்துக்கும் மேல். மிச்ச இரண்டு ஜிபிக்கு வேறு காரணம் இருக்க வேண்டும், அதற்கான தடயம் பழைய வரியிலேயே இருந்தது. புது ரேம் போடுவதற்கு முன்பே 8.00 ஜிபியில் 5.93 தான் கிடைத்துக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினில் படம் காட்டும் பகுதிக்கென்று சொந்த மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஏஎம்டி போர்டுகளில் இதற்கான பயாஸ் அமைப்பின் பெயர் பெரும்பாலும் UMA Frame Buffer Size. இன்டெல் போர்டுகளில் DVMT Pre-Allocated என்று இருக்கும். இந்த மெஷினில் அது 2G என்று இருந்தது. 8 ஜிபி மட்டுமே இருந்த மெஷினில் நான்கில் ஒரு பங்கு எப்போதும் பூட்டப்பட்டுக் கிடந்திருக்கிறது, ஆல்பம் திறக்கும்போது திணறியதில் இதற்கும் பங்கு உண்டு.

இதை 512M ஆக்கினேன். கிராபிக்ஸ் மெதுவாகிவிடாதா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த அமைப்பு, எழும்பும்போதே நிரந்தரமாக ஒதுக்கும் அளவை மட்டும்தான் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் தேவைப்பட்டால் விண்டோஸ் சாதாரண ரேமிலிருந்தே கிராபிக்ஸுக்கு அவ்வப்போது எடுத்துக்கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும், Task Manager-இல் Shared GPU memory என்று காட்டுவது அதுதான். சில விளையாட்டுகள் ஒதுக்கப்பட்ட அளவை மட்டும் பார்த்துவிட்டு ஓட மறுக்கும், அப்படி ஏதும் இவருக்குத் தேவையில்லை. ஆல்ப வேலைக்கு 512 போதும்.

மாற்றிவிட்டுப் பார்த்தால் 16.0 GB (7.43 GB usable) என்று வந்தது. ஒதுக்கீட்டில் போன ஒன்றரை ஜிபி திரும்ப வந்துவிட்டது. இனி அந்த 8 ஜிபி மட்டும்தான் பாக்கி. ஒதுக்கீட்டைச் சரிசெய்தாலும் சிறிதளவு குறைவாகவே எப்போதும் காட்டும், பயாஸும் மற்ற சாதனங்களும் தங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளும் இடம் அது, நூறு மெகாபைட் முன்னே பின்னே இருந்தால் அதைத் துரத்த வேண்டியதில்லை.

ரேமா, ஸ்லாட்டா, சேனலா

இங்கே பொறுமை வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். ரேமையும் ஸ்லாட்டையும் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

முதலில் A2-வில் புது ரேமை மட்டும் தனியாகப் போட்டேன். எழும்பியது, 8.00 GB (7.43 GB usable). பழைய ரேமைத் தனியாகப் போட்டாலும் அப்படியே. ஆக ரேம் இரண்டும் நல்லவை. புது ரேம் மோசம் என்று திருப்பிக் கொடுக்கத்தான் ஸ்டூடியோக்காரர் தயாராக இருந்தார், கொடுத்திருந்தால் இன்னொரு நல்ல ரேம் வந்து இதே இடத்தில் இதே மாதிரி நின்றிருக்கும்.

அடுத்து பழைய ரேமை B2-வில் மட்டும் தனியாகப் போட்டேன். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை, போர்டின் ஓரத்தில் DRAM என்று எழுதியிருக்கும் விளக்கு எரிந்துகொண்டே நின்றது. புது ரேமைப் போட்டாலும் அதே. இரண்டு ரேமும் இருந்தபோது B2 கெட்டிருந்தும் மெஷின் ஓடியதற்குக் காரணம் A2 கைகொடுத்ததுதான். B2 மட்டும் என்றால் பயாஸுக்கு நிற்கவே இடமில்லை. அதனால் சந்தேகப்படும் ஸ்லாட்டில் ரேமைத் தனியாகப் போட்டுப் பார்ப்பதுதான் தெளிவான சோதனை, ஜோடியாகப் போட்டால் கோளாறு மறைந்துகொள்ளும்.

இத்தோடு "ஸ்லாட் போச்சு" என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். அவசரம் வேண்டாம். B1-உம் B2-உம் ஒரே சேனலைச் சேர்ந்தவை, பிராசசரிலிருந்து வரும் அதே கோடுகள்தான் இரண்டுக்கும் போகின்றன. B1-உம் வேலை செய்யவில்லை என்றால் ஸ்லாட்டைவிட பிராசசர் பக்கம்தான் பார்க்க வேண்டும். இந்த வகை பிராசசரில் கால்கள் பிராசசரின் அடியில் இருக்கும், கூலரை இழுத்துக் கழற்றும்போது காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது உண்டு, அப்போது ஒரு கால் வளைந்தாலே ஒரு சேனல் முழுதும் போய்விடும். இன்டெல் போர்டுகளில் கால்கள் சாக்கெட்டில் இருக்கும், அங்கே வளைந்த முள்ளும் கூலரை ஒரு பக்கமாக இறுக்கியதும் இதே அறிகுறியைக் கொடுக்கும்.

B1-இல் தனியாகப் போட்டேன். உடனே எழும்பியது. சேனல் நன்றாக இருக்கிறது, பிராசசரும் நன்றாக இருக்கிறது. கோளாறு B2 என்ற ஒரே ஸ்லாட்டில்.

பூதக்கண்ணாடி வைத்து B2-வுக்குள் பார்த்தால் வரிசையாக நிற்கும் வில்முள்களில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு உள்ளே மடங்கிக் கிடந்தது. ரேமை சாய்த்து வைத்து பலமாக அழுத்தினால் இப்படித்தான் ஆகும். எஸ்பிடிக்கான முனைகள் இருக்கும் கோடியில் எல்லாம் சரியாக இருந்ததால் 16.0 என்று எண்ணிக்கை வந்தது. மடங்கிய இடம் அந்தக் கோடி இல்லை, அதனால் விவரம் படிக்கப்பட்டது, தரவு மட்டும் போகவில்லை.

ஊசியால் நிமிர்த்தலாமே என்றால், நான் நிமிர்த்தவில்லை. நிமிர்த்திய முள் பக்கத்து முள்ளைத் தொட்டுவிட்டால் மின்சாரக் கோடும் தரவுக் கோடும் சேர்ந்துவிடும், இப்போது ஸ்லாட் மட்டும் போன இடத்தில் ரேமோ பிராசசரோ சேர்ந்து போகும். அழுத்தம் தாங்காமல் சில நாளில் மறுபடி விலகி, ஆல்பம் சேமிக்கும் நேரத்தில் நீலத்திரை வருவது அதைவிட மோசம். 288 முனை ஸ்லாட்டைப் பிடுங்கி வேறொன்று வைப்பதும் முடியாத காரியம் இல்லை, ஆனால் நல்ல ரீவொர்க் கருவியும் கையும் வேண்டும், இந்த போர்டுக்கு அது கட்டுப்படியாகாது.

எந்த ஜோடி

மிச்சம் A1, A2, B1 மூன்று ஸ்லாட். A1-லும் A2-விலும் போட்டால் முழு 16 ஜிபியும் கிடைக்கும், ஆனால் இரண்டும் ஒரே சேனல். ரேமிலிருந்தே படம் காட்டும் மெஷினுக்கு அது பெரிய நஷ்டம், 3200 வேகத்தில் ஒற்றைச் சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிகாபைட், இரட்டைச் சேனலுக்கு 51.2. அதனால் A1, B1 என்று போட்டேன்.

கையேட்டில் இரண்டு ரேமுக்கு A2, B2 என்றுதான் போட்டிருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. இந்த மாதிரி போர்டுகளில் கோடு முதல் ஸ்லாட்டைத் தாண்டி இரண்டாவது ஸ்லாட்டில் போய் முடியும். முதல் ஸ்லாட்டில் மட்டும் ரேம் இருந்தால் மிச்சக் கோடு வெறுமனே நீண்டு நிற்கும், சிக்னல் அதில் போய் மோதித் திரும்பும், வேகம் கூடக்கூட இது தொந்தரவு தரும். நினைத்தபடியே, ரேம் கம்பெனி குறித்துவைத்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டு 3200 வைத்ததும் விண்டோஸ் எழும்பியது, ஆனால் ரேமைச் சோதிக்கும் MemTest86 ஓடவிட்டதும் பிழைகள் வந்தன. எழும்பிவிட்டது என்று இங்கே நிறுத்தியிருந்தால் சில வாரம் கழித்து கெட்டுப்போன ஆல்பக் கோப்போடு அவர் திரும்பி வந்திருப்பார். 2933 ஆக்கி, நான்கு சுற்றும் இரவு முழுக்க ஓடவிட்டதில் ஒரு பிழையும் இல்லை. 2933-இல் இரட்டைச் சேனல் சுமார் 46.9 ஜிகாபைட், ஒற்றைச் சேனலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

```
Installed RAM   16.0 GB (15.4 GB usable)
```

B2 ஸ்லாட்டின் மேல் காகித டேப் ஒட்டி "வேலை செய்யாது, ரேம் போடக்கூடாது" என்று எழுதிவிட்டேன், அடுத்து யார் திறந்தாலும் தெரியட்டும். பின்னால் 32 ஜிபி வேண்டுமென்றால் இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்க வேண்டாம், இவை இரண்டையும் எடுத்துவிட்டு 16 ஜிபி ஜோடியாக வாங்கி A1, B1-இலேயே போட வேண்டும் என்று ஸ்டூடியோக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பயாஸை எப்போதாவது ரீசெட் செய்தால் ரேம் வேகமும் UMA அளவும் பழையபடி மாறியிருக்கலாம், அந்த இரண்டையும் 2933, 512M என்று திரும்ப வைக்க வேண்டும். அதையும் கேபினெட்டின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறது.